கடற்காற்றை விளக்கப் பத்து நிமிடம்: வரைவிலக்கணம் முதலிலா, சுடுமணல் முதலிலா?

ஆசிரியப் பயிற்சியில், கூடப் படிக்கிறவர்களையே மாணவர்களாக வைத்து ஒரே ஒரு திறனைப் பயிலும் நுண்நிலைக் கற்பித்தலில் விளக்கும் திறனைச் செய்துகாட்டச் சொன்னால், திருகோணமலையில் பயிற்சி எடுப்பவர்களுக்குக் கடற்காற்று நல்ல தலைப்பு. நிலக்காற்றையும் சேர்த்துக்கொள்ளாதீர்கள், பத்து நிமிடத்துக்கு ஒன்றே போதும். இதை இரண்டு விதமாகத் திட்டமிடலாம்.

முதலாவது, "பகலில் கடலிலிருந்து தரையை நோக்கி வீசுவது கடற்காற்று" என்று பலகையில் எழுதி, படம் வரைந்து, பிறகு காரணம் சொல்வது. தடுமாற்றம் வராது. ஆனால் படத்துக்கே பாதி நேரம் போய்விடும், காரணத்தைக் கடைசியில் ஒரே மூச்சில் ஒப்புவிக்க வேண்டிவரும். பார்ப்பவர் மதிப்பிடுவதோ அந்தக் காரணத்தைத்தான்.

இரண்டாவது, உப்புவெளி மணலில் மத்தியானம் வெறுங்காலோடு நடந்தால் சுடுகிறது, அலையில் கால் வைத்தால் குளிர்கிறது என்று தொடங்குவது. வெயில் ஒன்றுதான், ஆனால் நீர் சூடேற அதிக வெப்பம் வேண்டும், அந்த வெப்பமும் ஆழத்துக்குப் பரவிவிடும், அதனால் தரைதான் முதலில் சூடாகிறது. தரை சூடானதால் அதன் மேலுள்ள காற்று விரிந்து இலேசாகி மேலெழுகிறது, அதனால் அங்கே அமுக்கம் குறைகிறது, ஆகவே கடல்மேல் உள்ள குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. பெயரைக் கடைசியில் சொன்னால் போதும்.

என் தெரிவு இதுதான். தொடங்க ஒரு நிமிடம், இந்தச் சங்கிலிக்கு ஆறு, சோதித்துப் பார்க்க இரண்டு, முடிக்க ஒன்று. இதில் ஆபத்து, "ஏன் சுடுகிறது?" என்று வகுப்பிடம் கேட்டுவிட்டு ஐந்து பேரின் பதிலுக்கும் காத்திருப்பது. அப்புறம் அது வினாவும் திறனாகிவிடும், விளக்கத்துக்கு நேரமே மிஞ்சாது. காரணத்தை நீங்களே சொல்லுங்கள்.

இன்னொன்று, யூன், யூலையில் "சேர், இப்ப காத்து தரைப் பக்கமிருந்துதானே வருது?" என்று யாராவது கட்டாயம் கேட்பார். அது கச்சான், தென்மேற்குப் பருவக்காற்று மலைகளைத் தாண்டி வறண்டு இந்தப் பக்கம் இறங்குவது. வரைவிலக்கணத்தை மட்டும் வைத்திருப்பவர் இங்கே திணறுவார். காரணத்தைச் சொன்னவரோ, பெரிய காற்று இல்லாத நாளில்தான் கடற்காற்று தெளிவாகத் தெரியும் என்று ஒரே வரியில் சமாளித்துவிடலாம்.

"விளங்கிச்சா?" என்று கேட்பதில் பயனில்லை, முன்னால் மாணவர்களாக இருப்பது கூடப் படிக்கிறவர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். "இரவில் மணல் முதலில் ஆறினால் காற்று எந்தப் பக்கம் வீசும், ஏன்?" என்று கேளுங்கள். திசையைச் சரியாகச் சொல்லி, காரணத்தில் அமுக்கத்தை விட்டுவிட்டால் உங்கள் விளக்கம் அந்த இடத்தில்தான் அறுந்திருக்கிறது, அதே பாடத்தை மறுபடி நடத்தும் மீள்கற்பித்தலில் அதை மட்டும் திருத்துங்கள்.

முதன்மை எண் போன்ற தலைப்பு என்றால் சரி, வரைவிலக்கணத்தில் தொடங்கலாம். அங்கே சொல்லக் காரணச் சங்கிலி கிடையாது, வரைவிலக்கணமே விடயம்.