30-ஆம் நம்பர் நூலுக்கு இரண்டாவது மில்லை ஏன் எடுத்தோம்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

ஸ்டோர், நிட்டிங், துணி செக்கிங், மெர்ச்சண்டைசிங் எல்லோருக்கும் வணக்கம்.

அடுத்த மாதத்திலிருந்து 30-ஆம் நம்பர் கோம்ப்டு ஹோசியரி நூல் முழுக்க இரண்டாவது மில்லில்தான் வாங்கப் போகிறோம். கிலோவுக்கு 6 ரூபாய் அதிகம் கொடுத்து ஏன் வாங்க வேண்டும் என்று ஸ்டோரிலும் அக்கவுண்ட்ஸிலும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆகஸ்ட் முதல் மார்ச் வரை இரண்டு மில் நூலையும் ஒரே மெஷின்களில் மாற்றி மாற்றி ஓட்டியிருக்கிறோம். அதில் தெரிந்ததை வைத்தே முடிவு எடுத்தோம்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். டெஸ்ட் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்திருந்தால் முதல் மில்தான் ஜெயித்திருக்கும். நூலின் பலத்தைக் காட்டும் சிஎஸ்பி அதில் 2,950 வாக்கில் நின்றது, இரண்டாவது மில்லுடையது 2,750. நூலின் மேல்முடியும் முதல் மில்லில்தான் குறைவு. மெஷினைச் சுற்றிப் பஞ்சு பறப்பது குறைவு என்று நிட்டிங் ஆட்கள் சொன்னதும் சரிதான். ஆர்டர் போட்டால் மூன்று நாளில் வண்டி வந்து நிற்கும். இரண்டாவது மில் ஏழு நாள் எடுக்கும். ஆனால் சிங்கிள் ஜெர்சிக்கு 2,750 சிஎஸ்பியே தாராளம். அதற்கு மேலே வரும் பலத்தை நாம் காசாக்க முடியாது. ரிப்போர்ட் சொல்வது ஒரு லாட்டின் சராசரியை. மூட்டைக்குள் இருக்கும் 24 கோனும் ஒரே லாட்தானா என்பதை அது சொல்லாது. நமக்கு அடி விழுந்தது அந்த இடத்தில்தான்.

நவம்பரில் போன நேவி ஆர்டரை எடுத்துக்கொள்வோம். 1,200 கிலோ கிரே துணி, 20 கிலோ ரோலாக 60 ரோல். கிரேயில் பார்த்தபோது ஒன்றும் தெரியவில்லை. சாயம் போட்டு, காம்பாக்டிங் முடிந்து செக்கிங் டேபிளில் விரித்தபோது 9 ரோலில் படுக்கைக் கோடு. ஒரு வரிசை மட்டும் அரை ஷேடு வெளுத்து, அகல முழுக்க ஓடியது. கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையே ஸ்கேல் வைத்தால் நாலரை சென்டிமீட்டர், எல்லா இடத்திலும் அதே அளவு.

அந்த நாலரை சென்டிமீட்டரே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. நம் 30 இஞ்ச் மெஷினில் 90 ஃபீடர், ஒரு சுற்றில் ஒவ்வொன்றும் தன் கோனிலிருந்து ஒரு வரிசை போடும். முடிந்த துணியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 20 வரிசை. 90 வரிசைக்கு ஒருமுறை கோடு வந்தால் நாலரை சென்டிமீட்டர் இடைவெளி விழும். ஆகவே கோளாறு ஒரே ஒரு ஃபீடரில். அந்த ஃபீடரில் கோளாறு மெஷினுடையதா, அதில் மாட்டிய கோனுடையதா என்பதுதான் அடுத்த கேள்வி.

வழக்கமாக இங்கேதான் எல்லோரும் கேம் பாக்ஸைத் திருகத் தொடங்குவார்கள், பெல்ட் டென்ஷனைக் குறை சொல்வார்கள். அதற்கு முன் செய்ய வேண்டியது, கோடு விழுந்த வரிசையையும் அதற்கு அடுத்த வரிசையையும் ஒரே அகலத்துக்கு வெட்டி, நூலாகப் பிரித்து, சுருக்கம் போக ஒரே இழுப்பில் அளப்பது. லூப் நீளம் வேறாக இருந்தால் நீளம் வேறாக வரும், குற்றம் மெஷின் மேல். நீளம் ஒன்றாக இருந்து எடை வேறாக இருந்தால் நூலின் நம்பர் மாறியிருக்கிறது. நேவி துணியில் நீளமும் ஒன்று, எடையும் ஒன்று. மெஷின் சுத்தம், நம்பரும் சரி. மீதி இருப்பது ஒன்றுதான்: பஞ்சே வேறு. அந்த நூல் சாயத்தைக் குறைவாகக் குடித்திருக்கிறது.

பஞ்சு வருடம் அக்டோபரில் தொடங்குகிறது. நவம்பர், டிசம்பரில் மில்கள் பழைய பேலிலிருந்து புதுப் பேலுக்கு மாறும். பஞ்சின் முதிர்ச்சியும் மைக்ரோனேரும் மாறினால் நம்பரும் பலமும் அப்படியே இருக்கும், சாயம் ஏறுவது மட்டும் மாறும். அதனால் மிக்ஸிங் மாறும்போது லாட் நம்பரை மாற்றுவதும், பழைய லாட்டில் மிஞ்சிய கோனைத் தனியாக வைப்பதும் மில்லின் வேலை. ஸ்டோரில் அந்த ஆர்டரில் மிஞ்சியிருந்த மூட்டைகளை இருட்டறையில் யுவி விளக்கின் கீழ் வைத்தோம். ஒரு மூட்டையில் 23 கோன் லேசான மஞ்சள் சாயலில், ஒன்று மட்டும் நீலம் தட்டி நின்றது. மேலே ஸ்டிக்கர் ஒரே லாட், கோன் நுனியின் நிறமும் ஒன்றே. மூட்டை எடை நிறையவில்லை என்று பழைய கோனைப் போட்டு நிரப்பியிருக்கிறார்கள். வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது கணக்கு. ஒரு கோனில் 2 கிலோவுக்குச் சற்று மேல் நூல். மெஷினில் 90 கோனும் ஒரே வேகத்தில்தான் தீரும். அந்த ஒரு தப்பான கோன் தீர்வதற்குள் மெஷினிலிருந்து 180 கிலோவுக்கு மேல் துணி இறங்கிவிடும், அதாவது 9 ரோல். 9 ரோலில் கோடு வந்ததற்குக் காரணம் இதுதான். கெட்டது 2 கிலோ நூல், போனது 180 கிலோ துணி.

நூல் 268 ரூபாய், நிட்டிங் கூலி 14, நேவி சாயக் கூலி 130. கழிவுகளைச் சேர்த்தால் முடிந்த துணி கிலோ 445 ரூபாய் வாக்கில் நிற்கும். 180 கிலோ கிரே சாயத்தில் 167 கிலோவாகும். அதை 190 ரூபாய்க்குச் செகண்ட்ஸாகத் தள்ளினோம். நஷ்டம் ஏறக்குறைய 42,500 ரூபாய். இதற்குக் கிளெய்ம் போடலாமே என்று கேட்கலாம். இரண்டு மில்லின் பில்லிலும் ஒரே வரிதான்: நிட்டிங் ஆன நூலுக்குக் கிளெய்ம் இல்லை. கோடு தெரிவதோ சாயத்துக்குப் பிறகு. அதனால் இந்தத் தப்பைப் பின்னால் சரிக்கட்ட வழியில்லை, முன்னாலேயே தடுத்தால்தான் உண்டு.

எட்டு மாதத்தில் அடர் நிறங்களுக்கு முதல் மில் நூல் 14 டன் ஓட்டினோம், மூன்று தடவை இப்படி ஆனது. மூன்றுக்கும் சேர்த்து நஷ்டம் 1,18,000 ரூபாய். இரண்டாவது மில்லில் 11 டன் ஓட்டியும் ஒன்றும் வரவில்லை.

ஸ்டோரிலிருந்து வந்த எடைப் புகாரையும் இங்கேயே பேசிவிடலாம். இரண்டாவது மில் மூட்டை வந்த அன்று 50 கிலோ, ஒரு வாரம் கழித்து 49.7. தண்ணீரை விற்கிறார்களோ என்ற சந்தேகம் வந்தது. ஐந்து கோனிலிருந்து நூல் எடுத்து, அடுப்பில் முழுக்க உலர்த்தி எடை பார்த்தோம். உலர்ந்த எடையில் 8.1 சதவீதம் ஈரம். பருத்திக்கு வியாபாரத்தில் ஒப்புக்கொண்ட அளவு 8.5. ஆக ஏமாற்று இல்லை. நூலை ஆவியில் பதப்படுத்தி அனுப்புகிறார்கள், நம் குடோன் காற்று உலர்ந்தது, இறங்கிவிடுகிறது. ஆனாலும் அந்த 0.6 சதவீதம் நம் பையிலிருந்துதான் போகிறது, கிலோவுக்கு 1 ரூபாய் 65 காசு. விலை வித்தியாசத்தோடு சேர்த்தால் இரண்டாவது மில் உண்மையில் கிலோவுக்கு 7 ரூபாய் 65 காசு கூடுதல். 14 டன்னுக்கு 1,07,100 ரூபாய்.

அதாவது காசு கணக்கில் பார்த்தால் இரண்டாவது மில்லால் மிச்சம் 11,000 ரூபாய்க்குள்தான். இதற்காக மட்டும் மில்லை மாற்றியிருக்க மாட்டோம். முடிவைத் தீர்மானித்தது வேறு இரண்டு விஷயம். ஒன்று நாள். 180 கிலோவை மறுபடி ஓட்டி, சின்ன வெசலுக்காகச் சாயப்பட்டறையில் காத்திருந்து, பழைய ஷேடுக்குப் பொருத்தி எடுக்க நேவியில் ஒன்பது நாள் போனது. ஷிப்மெண்ட் தேதி ஒன்பது நாள் தாங்காது.

இரண்டாவது, இரண்டு மில்லிடமும் நாம் வைத்த ஒரே கோரிக்கை: ஒரு ஆர்டருக்கு ஒரே லாட், மூட்டை நிறையவில்லையென்றால் குறைவாகவே அனுப்புங்கள், பழைய கோனைச் சேர்க்காதீர்கள், கோன் குழாயின் உள்பக்கமும் லாட் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். இரண்டாவது மில் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டது. ஜனவரியில் ஒருமுறை 47 கிலோ மூட்டை அனுப்பி, பில்லிலும் 47 என்றே போட்டிருந்தார்கள். முதல் மில் "பார்த்துக்கொள்கிறோம்" என்றது, எழுத்தில் தரவில்லை.

வெள்ளை ஆர்டருக்காவது முதல் மில்லை வைத்துக்கொள்ளலாமே என்று மெர்ச்சண்டைசிங்கில் யோசனை சொன்னார்கள். வெள்ளையில் லாட் கலப்பு பெரும்பாலும் தெரியாது என்பது சரி. ஆனால் நம் குடோனில் இரண்டு மில் 30-ஆம் நம்பரும் இருந்தால், ஆர்டர் முடிந்து மிஞ்சும் அரைக் கோன்கள் ஒரே ரேக்கில்தான் சேரும். ராத்திரி ஷிப்டில் ஒரு ஃபீடருக்குக் கோன் தேவைப்பட்டால் கைக்கு எட்டியதுதான் மாட்டப்படும். மில் செய்த தப்பை அப்புறம் நாமே செய்வோம்.

இனி நடைமுறை. ஸ்டோரில் ஒவ்வொரு லாட்டிலும் மூன்று மூட்டையைப் பிரித்து, 24 கோனையும் ஒரே பக்கம் பார்க்க அடுக்கி யுவி விளக்கில் பாருங்கள். மூட்டைக்கு மூன்று நிமிடம் போதும். பிளாஸ்டிக் கவரை எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும், கவரே மின்னும். யுவியில் வித்தியாசம் தெரிந்தால் சாயத்திலும் தெரியும் என்று கட்டாயம் இல்லை, எண்ணெய்க் கறையும் மெழுகும்கூட நிறம் காட்டும். சந்தேகப்பட்ட கோனையும் நல்ல கோனையும் சேர்த்து ஒரு முழம் சாக்ஸ் பின்னி, அதே ஆர்டரின் நிறத்தில் சாயம் போட்டுப் பார்த்த பிறகே ஒதுக்குங்கள்.

நிட்டிங்கில் கிரேயிலேயே கோடு தெரிந்தால் அந்த ஃபீடர் கோனையும் பக்கத்து ஃபீடர் கோனையும் இடம் மாற்றிப் பத்து சென்டிமீட்டர் ஓட்டுங்கள். கோடு கோனோடு நகர்ந்தால் நூல், அதே ஃபீடரில் நின்றால் மெஷின். அதற்கு முன் கேமைத் தொட வேண்டாம். ஏழு நாள் டெலிவரி என்பதால் மெர்ச்சண்டைசிங்கில் நூல் புக்கிங்கை இப்போதைய தேதியைவிட நான்கு நாள் முன்னதாகப் போடுங்கள்.

முதல் மில் நூல் ஸ்டோரில் இன்னும் 11 மூட்டை இருக்கிறது. அதை இந்த மாத வெள்ளை ஆர்டரில் ஒரே மெஷினில் ஓட்டித் தீர்த்துவிடுங்கள். மிஞ்சும் அரைக் கோன்களை ரேக்குக்குத் திருப்பாமல் அன்றைக்கே கழிவு நூல் கணக்கில் எழுதிவிடுங்கள்.