ரிவர்ஸ் மார்ட்கேஜ் எடுத்துத் தருகிறேன் என்று அப்பாவிடம் 62,000 ரூபாய் பிடுங்கிவிட்டார்கள். கடலூர், புதுச்சேரிக்காரர்கள் படியுங்கள்

கோபத்தில்தான் எழுதுகிறேன். தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் என்றால், வயதானவர்கள் சொந்த வீட்டை வங்கியில் அடமானம் வைத்து, அதிலேயே குடியிருந்துகொண்டு மாதாமாதம் பணம் வாங்கும் கடன்.

அப்பாவுக்கு 71, அம்மாவுக்கு 66. மஞ்சக்குப்பத்தில் சொந்த வீடு. தானே புயலில் ஓடு பறந்தபிறகு கடன் வாங்கி கான்கிரீட் போட்டது. பென்ஷன் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் பெரிதாக இல்லை. புதுச்சேரியில் ‘லோன் கன்சல்டன்சி’ போர்டு மாட்டியிருக்கும் ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வந்தான். பெயர் போடவில்லை, இந்த மாதிரி ஆபீஸ் தெருவுக்குத் தெரு இருக்கிறது.

திண்ணையில் உட்கார்ந்து அம்மா போட்ட காபியைக் குடித்தான். “அப்பா, நீங்க கட்டின வீடு உங்களுக்கே சம்பளம் கொடுக்கும், பிள்ளைங்ககிட்ட கை நீட்ட வேணாம்” என்றான். அந்த ஒரு வரியில் அப்பா விழுந்துவிட்டார். அவருக்கு எங்களிடம் கேட்பது அவ்வளவு கஷ்டம், அது அவனுக்கு எப்படித் தெரிந்ததோ! போனில் கால்குலேட்டரைத் திறந்து காட்டினானாம்: வீடு 40 லட்சம், அதில் 60 சதவீதம் 24 லட்சம், 180 மாதத்தால் வகுத்தால் மாதம் 13,333. இந்த மாதத்தோடு ஸ்கீம் முடிகிறது என்று அவசரப்படுத்தி, ஃபைல் சார்ஜ், லீகல், மதிப்பீடு எல்லாம் சேர்த்து 62,000. போனது வங்கிக்கு அல்ல, யாரோ ஒருவரின் சொந்தக் கணக்குக்கு.

வங்கி கிளைக்குப் போனபோதுதான் குட்டு உடைந்தது. அந்த அதிகாரி பொறுமையாக ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 24 லட்சம் என்பது கைக்கு வரும் பணமே இல்லை. பதினைந்தாம் வருட முடிவில் வட்டியும் சேர்ந்து கடன் தொட வேண்டிய உச்சவரம்பு அது. பத்தரை சதவீத வட்டி என்று வைத்தால் மாதம் கிடைப்பது சுமார் 5,500. பதினைந்து வருடத்தில் நாம் வாங்குவது பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவு, மீதி பதினான்கு லட்சமும் வட்டி. நாம் தவணை கட்டுவதில்லை, அதனால் வட்டிமேல் வட்டி ஏறிக்கொண்டே போகிறது. அவன் வகுத்துக் காட்டிய கணக்கில் வட்டி என்ற ஒன்றே கிடையாது!

பிள்ளைகளுக்கு ஒரு தொல்லையும் இல்லை என்றும் சொல்லியிருக்கிறான். அதுவும் பொய். இருவர் பெயரிலும் கடன் எடுத்தால், ஒருவர் இருக்கும்வரை வீட்டை விட்டுப் போகச் சொல்ல மாட்டார்கள். பதினைந்து வருடம் முடிந்தால் மாதப்பணம் நிற்கும், வட்டி நிற்காது. இருவரும் போனபிறகு வங்கி எங்களைக் கூப்பிடும். உதாரணத்துக்கு எட்டு வருடத்தில் அப்படி ஆனால், வாங்கியது ஐந்தேகால் லட்சம், பாக்கி எட்டேகால் லட்சம். அதைக் கட்டினால் மூலப்பத்திரம் நம் கைக்கு வரும். கட்ட முடியாவிட்டால் வீட்டை விற்பார்கள், கடன் போக மிச்சம் வாரிசுகளுக்கு. விலை போதாமல் போனால் எங்கள் சம்பளத்திலோ வேறு சொத்திலோ கை வைக்க முடியாது. இது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் அவகாசம் இரண்டு மாதம் அளவுக்குத்தான். அண்ணன் துபாயில், நான் சென்னையில், வாரிசுச் சான்றிதழ் வாங்கவே அது போய்விடும்.

இன்னொன்று. அவன் நிரப்பிய விண்ணப்பத்தில் அப்பா பெயர் மட்டும். அம்மாவைச் சேர்க்கவே இல்லை. அப்பா முதலில் போயிருந்தால் அம்மா கதி?

5,500க்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். 62,000ஐத் திருப்பிக் கேட்டால், “சார் மீட்டிங்ல இருக்கார்”, “ஃபைல் ஹெட் ஆபீஸ் போயிருக்கு”, கடைசியில் “நாங்க ஏற்பாடு பண்றதாத்தான் சொன்னோம், தொகையை முடிவு பண்றது பேங்க். சர்வீஸ் சார்ஜ் ரிட்டர்ன் கிடையாதுங்க.” நேரில் போனால் அந்தப் பையன் வேலையை விட்டுவிட்டானாம். 62,000 என்பது வங்கி தருவதாகச் சொன்ன பணத்தில் பதினோரு மாதத்துக்கு வரும். அம்மாவின் மாத்திரைச் செலவுக்கு ஒதுக்கி வைத்திருந்த பணம் அது.

எப்படி விசாரிப்பது என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. நேராகக் கிளைக்குப் போங்கள், இடையில் ஆள் வேண்டாம். வட்டி சேர்த்து மாதம் எவ்வளவு, எந்த வருடம் பாக்கி எவ்வளவு என்று அட்டவணையாக எழுதி வாங்குங்கள். கணவன் மனைவி இருவர் பெயரும் இருக்கட்டும். கையெழுத்துப் போட்டபிறகும் மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு, அதைக் கேளுங்கள். பணம் கட்டினால் வங்கி ரசீதுக்கு மட்டும். நாங்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறோம், அடுத்து நுகர்வோர் ஆணையம். இதே ஆபீஸில் ஏமாந்தவர்கள் இருந்தால் தனியாகச் செய்தி அனுப்புங்கள், சேர்ந்தே போகலாம்.