இனிக்கும் நீரிழிவும் இனிக்காத நீரிழிவும்

சர்க்கரை நோயான டயாபடிஸ் மெலிட்டஸும், சர்க்கரையோடு தொடர்பே இல்லாத டயாபடிஸ் இன்சிபிடஸும் தணியாத தாகத்தையும் மிகையான சிறுநீரையும் தருகின்றன. பெயரில் உள்ள ஒற்றுமைக்கு அதுவே காரணம். மெலிட்டஸ் என்றால் தேன்போல் இனிப்பது, இன்சிபிடஸ் என்றால் சுவையற்றது என்று பொருள். அக்கால மருத்துவர்கள் சிறுநீரைச் சுவைத்தே இவற்றைப் பிரித்தறிந்தார்கள்.

சர்க்கரை நோயில், இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 180 மில்லிகிராமைத் தாண்டும்போது, சிறுநீரகத்தால் முழுவதையும் மீட்டெடுக்க முடிவதில்லை. எஞ்சிய சர்க்கரை தண்ணீரையும் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. இன்சிபிடஸில் சிக்கல் வேறு. தண்ணீரை மீட்கும்படி சிறுநீரகத்துக்கு ஆணையிடும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் போதிய அளவு சுரப்பதில்லை, அல்லது சுரந்தும் சிறுநீரகம் அதற்குச் செவிசாய்ப்பதில்லை. லித்தியம் மாத்திரையை நெடுநாள் உட்கொள்வோரிடம் இந்த இரண்டாம் வகை வருவதுண்டு. இரண்டு நோய்களிலும் நீரிழப்புதான் தாகத்தைத் தூண்டுகிறது. அதிகம் குடிப்பது விளைவேயன்றிக் காரணமன்று.

வாசோப்ரெசினை வெளியிடும் பிட்யூட்டரி சுரப்பியில் அறுவை நடந்தபின் ஒருவர் நாளுக்கு 8 லிட்டர் சிறுநீர் கழிப்பதாகக் கொள்வோம். இரத்தச் சர்க்கரை 95. சிறுநீரில் சர்க்கரை இல்லை. தண்ணீரை 1 எனக் கொண்டால் அதன் ஒப்படர்த்தி 1.002, அதாவது ஏறக்குறைய வெறும் தண்ணீர். இது இன்சிபிடஸையே சுட்டுகிறது. சர்க்கரை கலந்த சிறுநீராக இருந்தால் ஒப்படர்த்தி பெரும்பாலும் இதைவிட உயர்ந்திருக்கும். ஹார்மோன் குறைவுதான் காரணமென்றால் வாசோப்ரெசினின் செயற்கை வடிவமான டெஸ்மோப்ரெசின் கொடுத்ததும் சிறுநீர் அடர்த்தியாகும். சிறுநீரகமே பணியாதபோது பெரிய மாற்றம் தெரியாது. இன்சுலினுக்கு இங்கே வேலையில்லை. இந்தப் பெயர்க்குழப்பத்தால் டெஸ்மோப்ரெசின் தவறவிடப்படும் ஆபத்து இருந்ததால், 2022இல் இன்சிபிடஸுக்கு வாசோப்ரெசின் குறைபாடு, வாசோப்ரெசின் எதிர்ப்பு என்ற புதுப்பெயர்கள் முன்மொழியப்பட்டன.