புது முறுக்குக்கு எத்தனை பாக்கெட் ஆர்டர்: பழைய சரக்கைப் பார்ப்பதா, முதல் இரண்டு வார விற்பனையைப் பார்ப்பதா?

தேக்கா பக்கம் எங்கள் கடையில் கம்பு முறுக்கு இறக்கினோம். இதற்கு முன் விற்றதே இல்லை, ஊரிலிருந்து சரக்கு வரவோ ஐந்து வாரம் ஆகும்.

முதல் வழி, ஒத்த சரக்கைப் பார்ப்பது. ராகி, சோளம், தினை முறுக்குகள் முதல் எட்டு வாரத்தில் முறையே 210, 150, 90 பாக்கெட் போயின. சராசரி 150. ஆனால் ராகியின் எட்டு வாரத்துக்குள் தீபாவளி வந்துவிட்டது, அதைக் கழிக்காமல் சராசரி போட்டால் ஏமாந்துபோவோம். விலையும் அளவும் ஒத்துப்போகாத சரக்கைச் சேர்த்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, தொடக்க விற்பனை. அந்த மூன்றுமே எட்டு வார விற்பனையில் ஏறக்குறைய 40 சதவீதத்தை முதல் இரண்டு வாரத்திலேயே முடித்திருந்தன. கம்பு 72 போனது, 72-ஐ 0.4-ஆல் வகுத்தால் 180. இதிலும் ஒரு கோளாறு: முதல் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கே தட்டு காலி. ஞாயிறு மாலைக் கூட்டம் எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்! 72 என்பது விற்றது, கேட்டது அதைவிட அதிகம்.

எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை, ஆனால் முதல் ஆர்டருக்கு அது உதவாது, அப்போது கையில் விற்பனையே இல்லையே. அதனால் முதல் ஆர்டர் ஒத்த சரக்கை வைத்து, கொஞ்சம் குறைவாக. அப்புறம் அடுத்த ஆர்டருக்கு 180-க்கு மேல், அதுவும் வாங்கியவர்களே திரும்ப வந்து கேட்டால்தான். புதுசு என்று ஒருமுறை ருசி பார்ப்பவர்கள் எட்டாவது வாரம் வரமாட்டார்கள்.