மெய் அட்டவணையா, அனுமான விதிகளா, தலைகீழ்ச் சோதனையா?

முற்கூற்றுகள் எல்லாம் மெய்யாக இருந்தும் முடிவு பொய்யாகிற நிலை ஒன்றாவது உண்டா? உண்டென்றால் வாதம் செல்லாது, இல்லையென்றால் செல்லும். இதைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே வாதத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். மின்சாரம் இருந்தால் (p) மோட்டார் ஓடும் (q). மோட்டார் ஓடினால் தொட்டி நிறையும் (r). தொட்டி நிறைந்தால் குழாயில் தண்ணீர் வரும் (s). தண்ணீர் வரவில்லை. மின்சாரம் இல்லையென்றால் லிஃப்டுக்கான ஜெனரேட்டர் ஓடும் (t). ஆகவே ஜெனரேட்டர் ஓடுகிறது.

மெய் அட்டவணையில் ஐந்து எழுத்துகளுக்கு 2⁵ = 32 வரிசைகள் எழுத வேண்டும். முடிவு பொய்யாகும் 16 வரிசைகளை மட்டும் பார்த்தால் போதும் என்பது ஓர் ஆறுதல். அவை ஒவ்வொன்றிலும் ஏதாவது ஒரு முற்கூற்று பொய்யாகிவிடுகிறது. எனவே வாதம் செல்லும். யோசிக்கவே வேண்டியதில்லை என்பது இதன் பலம். ஆனால் எழுதும்போது கை தவறுகிற இடம் ஒன்று உண்டு: p பொய்யாக இருக்கும் வரிசையில் p → q மெய். மாணவர்கள் பலர் அங்கே பொய் என்று போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்ட ஒரு கட்டம், வாதத்தைத் தகர்க்கும் வரிசையையே மறைத்துவிடலாம்.

அனுமான விதிகளால் அதே வேலை நான்கு வரிகளில் முடிகிறது:

```
1. p → q     முற்கூற்று
2. q → r     முற்கூற்று
3. r → s     முற்கூற்று
4. ¬s        முற்கூற்று
5. ¬p → t    முற்கூற்று
6. p → r     1, 2 ஹைபோதெட்டிகல் சிலாஜிசம்
7. p → s     6, 3 ஹைபோதெட்டிகல் சிலாஜிசம்
8. ¬p        7, 4 மோடஸ் டோலன்ஸ்
9. t         5, 8 மோடஸ் போனன்ஸ்
```

சங்கிலியைக் கோக்காமல், வால் பக்கத்திலிருந்து மோடஸ் டோலன்ஸை மூன்று முறை போட்டும் வரலாம்: ¬s-இலிருந்து ¬r, அதிலிருந்து ¬q, அதிலிருந்து ¬p. வரிக் கணக்கு அதேதான். கைக்குக் கிடைப்பது வேறு. இந்தப் பாதையில் தொட்டி நிறையவில்லை, மோட்டார் ஓடவில்லை என்ற இரண்டு செய்திகளும் வழியிலேயே கிடைக்கின்றன. சங்கிலிப் பாதையில் p → s கிடைக்கிறது. அது ¬s-ஐ நம்பி நிற்பதில்லை, நாளை தண்ணீர் வந்தாலும் செல்லும். இடைநிலை முடிவுகள் தேவையென்றால் மோடஸ் டோலன்ஸையும், முடிவே ஒரு நிபந்தனைக் கூற்றென்றால் சங்கிலியையும் எடுப்பேன்.

விதிகளின் பலவீனம் செல்லாத வாதத்தில்தான் வெளிப்படும். முதல் மூன்று முற்கூற்றுகளை அப்படியே வைத்து, "மின்சாரம் இல்லை, ஆகவே தண்ணீர் வராது" என்று மாற்றுங்கள். இப்போது p → s கிடைக்கிறது, ¬p கையில் இருக்கிறது. ¬s-க்குப் போக விதி கிடையாது. மோடஸ் டோலன்ஸ் போலத் தோன்றினாலும், அது மறுப்பது பின்னுறுப்பை; இங்கே மறுக்கப்படுவது முன்னுறுப்பு. ஆனால் வழி கிடைக்கவில்லை என்பது வழி இல்லை என்பதற்குச் சான்றல்ல. இன்னும் இரண்டு வரி முயன்றிருந்தால் கிடைத்திருக்குமோ என்ற சந்தேகத்தை விதிகள் தீர்ப்பதில்லை. அட்டவணை தீர்க்கும்: இந்த வாதத்துக்கான 16 வரிசைகளில் மூன்று, முற்கூற்றுகளை மெய்யாக வைத்தே முடிவைப் பொய்யாக்குகின்றன. p, q பொய், r, s மெய் என்பது அவற்றில் ஒன்று. லாரித் தண்ணீரால் தொட்டி நிறைந்த நாள் அது.

அந்த வரிசையை நேராகத் தேடிப் போவதுதான் தலைகீழ்ச் சோதனை. முடிவு பொய், முற்கூற்றுகள் மெய் என்று வைத்துக்கொண்டு, எங்கே தள்ளுகிறது என்று பாருங்கள். முதல் வாதத்தில் t பொய், s பொய். r → s மெய்யாக வேண்டுமென்றால் r பொய். அதேபோல் q பொய், p பொய். ஆனால் ¬p மெய், t பொய் என்றால் ¬p → t பொய்யாகிறது. முரண்பாடு, தகர்க்கும் வரிசை இல்லை, வாதம் செல்லும். இரண்டாம் வாதத்தில் முரண்பாடு வராது. எதிர்க்காட்டு கையில் நிற்கும்.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முடிவு p ∧ q என்றால் அது பொய்யாக மூன்று வழிகள். ஒன்றில் முரண்பாடு வந்ததும் "செல்லும்" என்று எழுதிவிடக் கூடாது, மூன்றும் அடைபட வேண்டும். கிளைகள் பெருகும் வாதங்களில் இந்த முறையும் அட்டவணை அளவுக்கு நீண்டுவிடும்.

பரிட்சையிலும் வெளியிலும் என் வரிசை இதுதான்: முதலில் தலைகீழ்ச் சோதனை. எதிர்க்காட்டு கிடைத்தால் அதை எழுதினால் போதும். முரண்பாடு வந்தால், அது வந்த பாதையைத் திருப்பி விதிகளால் நிரூபணம் எழுதுவேன். மேலே ¬s-இலிருந்து ¬p வரை தள்ளியது மூன்று மோடஸ் டோலன்ஸ்தானே. முழு அட்டவணையை இரண்டு மூன்று எழுத்து வாதங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். "எல்லா", "சில" என்று அளவுச் சொற்கள் நுழைந்த வாதங்களில் இந்த அட்டவணைக்கு இடமே இல்லை. அங்கே விதிகளும் எதிர்க்காட்டும்தான் கைகொடுக்கும். அந்த வாதங்கள் எல்லாவற்றுக்கும் எப்போதும் விடை சொல்லும் பொதுவான இயந்திர முறை எதுவும் இருக்க முடியாது என்று 1936-இல் அலோன்சோ சர்ச்சும் ஆலன் டூரிங்கும் தனித்தனியே காட்டிவிட்டார்கள்.