நிலைவாசலுக்குப் பூச்சரமா, மாவிலைத் தோரணமா? செட்டிநாட்டு வீட்டில் எது எத்தனை நாள் தாங்கும்

செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிபவை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என வாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதால், முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் தெரியும். வீட்டுக்குள் குளிர்ச்சியைக் கொண்டுவரும் இந்த ஓட்டக்காற்றுதான் வாசலில் கட்டும் பூவையும் இலையையும் முதலில் உலர்த்துகிறது. ஆகையால் எதைக் கட்டுவது என்று முடிவு செய்யும்முன், எந்த வாசலில் கட்டுகிறோம் என்பதைப் பார்க்க வேண்டும்.

மாவிலை மெழுகுப் பூச்சுள்ள தடித்த தோலைக் கொண்டது. பறித்த பிறகும் தன்னிடமுள்ள ஈரத்தை எளிதில் விடுவதில்லை. நிழல் விழும் வாசலில் இரண்டு மூன்று நாள் பச்சையாக நிற்கும். அதன்பின் ஓரம் சுருண்டு நிறம் மங்கினாலும் அழுகுவதில்லை, உலர்ந்தபடியே தொங்கும். பூவிதழுக்கு அந்தக் காப்பு இல்லை. காலையில் மொட்டாகப் பறிக்கும் மல்லிகை அன்று மாலையே விரிந்து, மறுநாள் காலையில் பழுப்பேறிவிடும். சம்பங்கியும் ஏறக்குறைய அப்படித்தான். செண்டுமல்லியும் செவ்வந்தியும் நிழலில் இரண்டு நாள் வரை தாங்கும். வெயில் படும் கிழக்கு வாசலில் ஒரு பகல் தாங்கினால் போதும் என்றே கணக்கிட வேண்டும்.

ஆனால் மாவிலையின் ஆயுள் முழுவதும் இலையைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. செம்பு நிறக் கொழுந்து பார்வைக்கு அழகாக இருந்தாலும் சில மணி நேரத்திலேயே துவண்டு தொங்கிவிடும். மிக முதிர்ந்த இலையோ மடிக்கும்போது நடுநரம்பில் வெடித்து, வெடித்த இடத்திலிருந்து கருகும். கரும்பச்சையாகி, ஆனால் இன்னும் வளைந்து கொடுக்கும் நடுத்தர இலையே ஏற்றது. தனி இலையாகக் கிள்ளாமல், அதிகாலையில் கொத்தாக ஒடித்து, காம்பில் வடியும் பாலைக் கழுவி, அடிப்பகுதி மட்டும் மூழ்கும்படி ஒரு வாளித் தண்ணீரில் நிறுத்திவைக்க வேண்டும். தோரணம் கட்டப் போகும் நேரத்தில்தான் இலையைப் பிரிக்க வேண்டும். கட்டியபின் மேலே தெளிக்கும் தண்ணீர் மெழுகில் வழிந்து கீழே விழுமே தவிர, இலைக்குள் போவதில்லை.

பூவுக்கு நிலைமை நேர்மாறு. மெல்லிய நீர்த்துளி இதழைக் குளிரவைத்து வாட்டத்தைத் தள்ளிப்போடும். அதிகமானால் அதுவே கெடுதல். செண்டுமல்லியின் அடுக்கு இதழ்களுக்கு நடுவே தேங்கும் நீர் அடியிலிருந்து அழுகலைத் தொடங்கும். மேலே பளிச்சென்று இருக்கும் பூவின் இதழ்களை விரலால் விலக்கிப் பார்த்தால், அடியில் பழுப்பு நிறமும் புளித்த வாடையும் தெரியும். அத்தகைய பூ ஒன்று சரத்தில் இருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும், இல்லையேல் பக்கத்துப் பூவும் கெடும். முன்தினம் வாங்கிய சரத்தை பாலித்தீன் பையில் இறுகக் கட்டிவைப்பதும் இதே கேட்டையே தரும். பிழிந்த ஈரத்துணியில் தளர்வாகச் சுற்றி, மூங்கில் கூடையில் தரையோரம் வைப்பது நல்லது.

இரண்டையும் ஒரே கயிற்றில், ஓர் இலைக்கு ஒரு பூவாகக் கோத்துத் தொங்கவிடும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. பார்க்க நிறைவாக இருந்தாலும் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பூ முதலில் கெடுகிறது; அதை மட்டும் கழற்ற முடியாததால், பச்சையாக இருக்கும் இலையையும் சேர்த்து அவிழ்க்க நேர்கிறது.

வியாழன் மாலை உறவினர் வரத் தொடங்கி, வெள்ளி காலையில் முகூர்த்தமும் பகலில் விருந்தும் நடக்கும் ஒரு சாந்தி கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம். நான்கடி அகல நிலைவாசலுக்கு, தொய்வுக்கும் முடிச்சுக்கும் சேர்த்து ஆறடிச் சணல் கயிறு வேண்டும். மூன்று அங்குலத்துக்கு ஓர் இலை வைத்தால் தொய்வையும் சேர்த்துப் பதினேழு முதல் இருபத்தொரு இலைகள் பிடிக்கும். இதை வியாழன் பிற்பகலில் கட்டிவிடலாம். செண்டுமல்லிச் சரத்தைத் தனிக் கயிற்றில், வெள்ளி விடியலில், இலைக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். மல்லிகையை வெளிவாசலுக்கு வீணாக்காமல், காற்று குறைந்த சாமி அறை வாசலுக்குக் கொடுப்பதே முறை. ஈரப் பூ பர்மா தேக்கு நிலையில் உரசிச் சாயம் ஏற்றாதபடி, கயிறு மரத்தைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளி நிற்குமாறு ஆணி அமைய வேண்டும். வெள்ளி இரவில் பூவை மட்டும் அவிழ்த்துவிட்டால், ஞாயிறு வரை வந்துபோகும் உறவினருக்கு மாவிலை போதும்.

இந்தக் கணக்கு வெயில் காலத்துக்கு உரியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்று ஈரமாக இருப்பதால் மாவிலை கூடுதலாக ஒரு நாள் பச்சையாக நிற்கும்; பூவோ உலர்வதற்கு மாறாக அழுகும். அம்மாதங்களில் பூவுக்குத் தண்ணீர் தெளிப்பதை அறவே விட்டு, சரத்தைக் காற்றாட வைக்க வேண்டும்.