தனக்காவா, சன்ஸ்கிரீனா, ரெட்டினாய்டா: கழுத்துக் கோடுகளுக்கு எது?

ரங்கூனில் நம் பெண்கள் கன்னத்திலும் நெற்றியிலும் மூக்கிலும் தனக்கா பூசிக்கொண்டுதான் வெளியே கிளம்புவார்கள். கழுத்துக்கு மட்டும் அது போவதில்லை. ரவிக்கையில் ஒட்டும், தாலிச் சங்கிலியில் படியும் என்று விட்டுவிடுவோம். அதனால்தான் நாற்பத்தைந்து வயதில் முகம் முப்பத்தைந்து போல இருக்க, கழுத்து மட்டும் உண்மையான வயதைச் சொல்கிறது.

எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன்னால், கழுத்தில் இருப்பது என்ன என்று பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று தாடையை மெதுவாக மேலே தூக்குங்கள். தோல் இழுபட்டதும் மறைந்துவிடும் மெல்லிய சுருக்கங்கள் ஒரு வகை. அவை பெரும்பாலும் வெயிலும் வறட்சியும் சேர்ந்து கொண்டுவந்தவை. தூக்கின பிறகும் கோடு போட்டது போல நிற்கும் ஒன்றிரண்டு மடிப்புகள் வேறு வகை. அவை பலருக்குச் சின்ன வயதிலிருந்தே இருக்கும், வயது ஏறும்போது ஆழமாகும். மூன்றாவதாக, கழுத்தின் இரண்டு பக்கமும் செம்பழுப்பாக, திட்டுத் திட்டாக நிறம் மாறியிருக்கும். தாடைக்கு நேர் கீழே நிழல் விழும் இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தால், அது வெயிலின் வேலை என்று புரிந்துகொள்ளலாம்.

மடிப்புகளில், குறிப்பாகப் பின்கழுத்தில், தோல் கறுத்து வெல்வெட் துணி போலத் தடித்திருந்தால் அது வயதும் இல்லை, அழுக்கும் இல்லை. பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாதபோது வரும் அடையாளம் அது. தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் சர்க்கரை பார்த்துவிடுங்கள். இதை நான் ரொம்பவே வலியுறுத்திச் சொல்கிறேன். நம்மவர்களில் சர்க்கரை இல்லாத வீடு குறைவு.

சரி, தனக்காவுக்கு வருவோம். பட்டையை வட்டக் கல்லில் தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினால் குளிர்ச்சி, எண்ணெய்ப் பசை குறையும், வேர்க்குருவுக்கும் இதம். பட்டையில் இருக்கும் மார்மசின் என்ற பொருள் புற ஊதாக் கதிரை ஓரளவு உறிஞ்சும். இதெல்லாம் உண்மைதான். ஆனால் எவ்வளவு தடுக்கும் என்பது மரத்தைப் பொறுத்து மாறும், அரைத்த பதத்தையும் பூசிய கனத்தையும் பொறுத்தும் மாறும். கழுத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கன்னம் அதிகம் மடியாது. கழுத்து நாள் முழுக்கக் குனிந்து நிமிர்கிறது. காய்ந்த தனக்கா சரியாக அந்தக் கோடுகளிலேயே வெடித்து உதிரும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மேட்டில் பூச்சு இருக்கும், கோட்டில் இருக்காது. தண்ணீர் இழுத்துக் காய்வதால் வறண்ட தோலில் சுருக்கம் இன்னும் எடுத்துக் காட்டும்.

சன்ஸ்கிரீன் மடிப்போடு சேர்ந்து வளைந்து கொடுக்கும். அதன் பெரிய பலம் இதுதான். எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல், பிஏ என்ற குறிக்குப் பக்கத்தில் மூன்று நான்கு கூட்டல் குறி உள்ளதாக வாங்குங்கள். தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனை உடைத்துச் சுருக்கத்தைக் கொண்டுவருவது பெரும்பாலும் ஆழமாக இறங்கும் யூவிஏ கதிர். அது கண்ணாடி வழியாகவும் வரும், மழை மேகத்துக்குள்ளிருந்தும் வரும். முகம், காது, கழுத்து எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி வேண்டும். முகத்துக்குப் போட்டு மிஞ்சியதைக் கையோடு கழுத்தில் இழுத்துவிடுவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அது பத்தாது. கழுத்துக்குத் தனியாக எடுத்து, பக்கங்களிலும் பின்னாலும் தடவுங்கள். வெளியே நின்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். குறை என்றால் வியர்வையில் பிசுபிசுப்பதும், விலையும்தான்.

என் முடிவு: வெயிலுக்குச் சன்ஸ்கிரீன்தான். தனக்காவை விட மனமில்லை என்றால், சன்ஸ்கிரீன் தடவிக் கால் மணி நேரம் கழித்து, மேலே மெல்லிசாக ஒற்றிக்கொள்ளுங்கள். தேய்த்தால் அடியில் இருப்பது கலைந்துவிடும்.

ஆனால் இரண்டுமே இனி வருவதைத் தடுப்பவை. ஏற்கெனவே வந்ததைக் கொஞ்சம் திருப்புவது ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகைப் பூச்சு. அதில் வலுவான சான்று உள்ளது ட்ரெட்டினாயின், டாக்டர் சீட்டில் வாங்க வேண்டியது. கடையில் கிடைக்கும் ரெட்டினால் அதைவிடச் சாது, பலனும் மெதுவாக வரும்.

என் மதினிக்கு 48 வயது. தெருவோரத்தில் கடை. காலை வெயில் இடது பக்கமாக விழும், அந்தப் பக்கக் கழுத்துதான் அதிகம் பழுப்பேறியிருந்தது. டாக்டர் 0.025 சதவீத ட்ரெட்டினாயின் எழுதிக்கொடுத்தார். இரண்டாவது வாரம் கழுத்து சிவந்து, செதில் செதிலாக உரிந்து, சங்கிலி பட்டாலே எரிகிறது என்று வந்து நின்றார்.

"மதினி, முகத்துக்குப் போடுற மாதிரியே தினமுமா போட்டீங்க?"

"முகத்துக்கு ஒத்துக்கிச்சே, கழுத்துக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

வந்தது இதுதான்: கழுத்துத் தோல் முகத்தைவிட மெல்லியது, எண்ணெய்ச் சுரப்பிகளும் குறைவு. காயம் ஆறவும் நாள் பிடிக்கும். டாக்டர் சொன்னபடி பத்து நாள் எல்லாவற்றையும் நிறுத்தி வாசலின் மட்டும் தடவினார். அப்புறம் வாரத்தில் இரண்டே இரவு: முதலில் ஈரப்பத கிரீம், அது ஊறியதும் பட்டாணி அளவு மருந்து கழுத்து முழுவதற்கும், அதன் மேல் மறுபடி கிரீம். ஒரு மாதம் தொந்தரவு இல்லை என்றானதும் மூன்று இரவு. காலையில் சன்ஸ்கிரீன் ஒருநாளும் தவறவில்லை. லேசாக உரிவது சகஜம். எரிச்சல் பகலிலும் நீடித்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். சிவந்த தோல் நம் நிறத்தில் கறுத்துத்தான் ஆறும் என்பதால் பொறுத்துக்கொண்டு தொடரக் கூடாது. கர்ப்பமாக இருப்பவர்களும், குழந்தைக்கு முயற்சி செய்பவர்களும் ரெட்டினாய்டைத் தொடவே வேண்டாம்.

ஆறு மாதம் கழித்து, அதே ஜன்னல் பக்கம், அதே காலை நேரத்தில் எடுத்த படத்தைப் பழைய படத்தோடு வைத்துப் பார்த்தோம். இடது பக்கத் திட்டு வெளிறியிருந்தது, மெல்லிய சுருக்கங்கள் பாதிக்கு மேல் தணிந்திருந்தன. நடுவில் ஓடும் இரண்டு ஆழமான கோடுகள் அப்படியேதான் இருந்தன.

அவற்றுக்கு எந்த கிரீமும் போதாது. ஊசிதான் வழி. அதிலும் போட்டாக்ஸ் என்று கேட்டுப் போகாதீர்கள். அது மேலிருந்து கீழாகப் புடைக்கும் தசைப் பட்டைகளுக்குத்தான் நன்றாக உதவும், குறுக்குக் கோட்டுக்குப் பலன் குறைவு. மருந்து ஆழமாக இறங்கினால் விழுங்கக் கஷ்டப்படும். குறுக்குக் கோட்டுக்கு ஏற்றது, கோட்டை அடியிலிருந்து நிரப்பும் நீர்த்த ஹயலூரானிக் அமில ஃபில்லர். தோல் மெல்லியது என்பதால் கை தவறினால் மணி மணியாகத் தெரியும், நீலம் பூத்தது போலவும் இருக்கும். கரைக்க மாற்று மருந்து உண்டு, ஆனால் அதை வைத்திருக்கும் தோல் மருத்துவரிடம் மட்டுமே போக வேண்டும். பலனும் நிரந்தரமில்லை, கரையக் கரைய மறுபடி போட வேண்டும்.

சந்தையில் பெயரில்லாத டப்பாவில் விற்கும் வெளுப்பு கிரீமை இந்த ஒப்பீட்டிலேயே சேர்க்க மாட்டேன். ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆக்கும் கிரீமில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், ஸ்டீராய்டு ஏற்கெனவே மெல்லிசான கழுத்துத் தோலை இன்னும் மெலிய வைக்கும்.

மதினி ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த இரண்டு கோடும் அவர் அம்மாவுக்கும் உண்டாம், கல்யாணப் படத்திலேயே இருக்கிறதாம். கடையில் இடது பக்கமாக ஒரு தார்ப்பாய் மட்டும் கட்டிக்கொண்டார்.